தலைப் பொங்கலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது!

வணக்கம்! என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஜனவரி 13 இரவு, எழும்பூரிலிருந்து கோவில்பட்டிக்கு, நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு படுக்கைகள். பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். அதாவது இன்று, நவம்பர் 14. ஏழரைக்கே உட்கார்ந்துவிட்டேன். பெயர், வயது எல்லாவற்றையும் நேற்றே ஏற்றி வைத்திருந்தேன். அப்படியும் எட்டு மணி ஒரு நிமிடத்துக்குத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. என் கணவர் காபி டம்ளரோடு பின்னால் நிற்கிறார், குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எட்டு நான்குக்கு உறுதியாகிவிட்டது. இரண்டும் கீழ்ப்படுக்கை! இரண்டுமே கீழ்ப்படுக்கை!

டிக்கெட்டுக்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று கேட்காதீர்கள். தலை தீபாவளி வீடியோவில் எண்ணெய்க் குளியலோடு முடித்துவிட்டேன் அல்லவா? அதற்குப் பிறகு நடந்ததை இன்று சொல்கிறேன்.

ஆவணியில் திருமணம், அக்டோபர் 20 தலை தீபாவளி. மதியம் வரை தஞ்சாவூரில் எங்கள் வீடு, மாலை கோவில்பட்டியில் அவர் வீடு, ஆளுக்குப் பாதி என்று நாங்களே முடிவு செய்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு அவரை மணையில் உட்காரவைத்து அப்பா தலையில் எண்ணெய் வைத்தார். லேகியம், புதுத்துணி, வெடி எல்லாம் ஆனது. பதினொன்றரைக்கே இலை போடச் சொல்லி அம்மாவை நெருக்கினேன். அவசர அவசரமாகச் சாப்பிட்டு, பஸ் பிடித்து, மாட்டுத்தாவணியில் மாறி, கோவில்பட்டி வீட்டு வாசலுக்குப் போனபோது இரவு பத்தேகால். தெருவில் வெடித்த காகிதம்தான் கிடந்தது. அத்தை எங்களுக்காக எடுத்துவைத்திருந்த மத்தாப்புப் பெட்டி பிரிக்காமல் திண்ணையில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தோசை ஊற்றினார். எனக்குத்தான் தாங்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் கொடுத்ததாக நினைத்த பாதி நாள் பஸ்ஸில் போய்விட்டது.

அதனால்தான் "அங்கே எத்தனை நாள், இங்கே எத்தனை நாள்" என்று எண்ணும் உறவினர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எண்ண வேண்டியது நாட்களை அல்ல, பண்டிகையின் முக்கியமான நேரம் எது என்பதைத்தான். தீபாவளிக்கு அது அந்த ஒரு விடியல். அதைப் பிரிக்க முடியாது, முழுதாக ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். பொங்கல் அப்படியில்லை. அதற்கு இரண்டு நேரம் இருக்கிறது, நல்லவேளையாக எங்கள் இரண்டு ஊரும் வேறுவேறு நேரத்தைப் பெரிதாகக் கொண்டாடுகின்றன.

கோவில்பட்டியில் தைப்பொங்கல் காலைதான் எல்லாம். வாசலில் அடுப்புக்கட்டி வைத்து, காய்ந்த பனையோலையை எரித்து, வெயில் ஏறுவதற்குள் பானை பொங்கிவிட வேண்டும். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு மாட்டுப் பொங்கல் மாலை. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் நெட்டி மாலை போட்டு, பொழுது சாயும்போதுதான் பொங்கல் வைப்போம். ஆக, 14ஆம் தேதி போகியும் 15ஆம் தேதி பொங்கலும் முழுதாக அத்தை வீட்டில். 16ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் தஞ்சாவூர். வழியில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் மாலைப் பொங்கல் தவறாது. பயணம் செய்யும் நேரம் இரண்டு வீட்டுக்கும் முக்கியமில்லாத நேரம், அதுதான் இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது.

அட, பொங்கல்படியைச் சொல்ல மறந்துவிட்டேன்! பெண் வீட்டார் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் கொண்டுவந்து கொடுப்பது. அப்பா போகியன்று கோவில்பட்டிக்கே கொண்டுவருவேன் என்றார். வந்தால் அன்றிரவே திரும்ப வேண்டும், மறுநாள் அப்பா வீட்டுப் பொங்கல் கெட்டுவிடும். அத்தையிடம் நானே பேசினேன். "ஞாயிற்றுக்கிழமையே மெட்ராஸுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடட்டும், பானையை மட்டும் நீ கையோடு எடுத்து வா" என்றார். அப்படியே 11ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. இதை என் கணவரை விட்டுப் பேசச் சொல்லியிருந்தால் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த வருடத்தையும் இப்போதே பேசிவிட்டோம். தலை தீபாவளி எங்கள் வீட்டில் என்பது வழக்கம், இரண்டாவதுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது, பேசாமல் விட்டால் சண்டை அங்கேதான் வரும். 2026 தீபாவளி நவம்பர் 8, முழு நாளும் கோவில்பட்டி. அம்மாவுக்கு வருத்தம்தான், தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மாப்பிள்ளைக்கு நெட்டி மாலை கட்டத் தெரியுமா என்று கேள், தெரியாவிட்டால் சீக்கிரம் வரச்சொல்" என்றார்.

தஞ்சாவூரிலிருந்து ஜனவரி 18 இரவு திரும்ப வேண்டும். அதற்கு முன்பதிவு வரும் 19ஆம் தேதி காலை எட்டு மணிக்கு. அன்றும் ஏழரைக்கே உட்கார்ந்துவிடுவேன்.