அக்கியும் முதல் மூன்று நாளும்

நேயர்களுக்கு வணக்கம். சென்ற ஆண்டு 74 வயது அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். வலது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை எரிச்சல். வாயுப்பிடிப்பு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் குடித்திருக்கிறார். மகன் பயந்துபோய் இசிஜி எடுத்துப் பார்த்தார்; கோளாறு இல்லை. மூன்றாம் நாள் அதே இடத்தில் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளங்கள். அக்கி என்று சொல்லி, காவி குழைத்து எழுதுபவரிடம் அழைத்துப் போய்விட்டார்கள். மூன்று முறை எழுதியும் எரிச்சல் அடங்காமல் என்னிடம் வந்தபோது, கொப்புளம் தோன்றி ஐந்து நாள் ஆகியிருந்தது.

"சிறு வயதில் அம்மை போட்டதா?" என்று கேட்டேன். "பத்து வயதில் போட்டது டாக்டர். தலைக்குத் தண்ணீர் விட்டு அப்போதே இறங்கிவிட்டது" என்றார். அம்மை இறங்கியது, கிருமி இறங்கவில்லை. சின்னம்மை வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக்கொள்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள், ஐம்பது வயதுக்கு மேல் மெல்ல வீரியம் இழக்கின்றன. அப்போது ஒரு முடிச்சில் வைரஸ் விழித்து, அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு வருகிறது. நரம்பு முதலில் புண்படுவதால் வலி முந்திக்கொள்கிறது. கொப்புளம் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருகிறது. இரு முனையும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்றொரு பயம் உண்டு. ஒரே பக்கத்து நரம்பில் வருவது சாதாரணமாக அப்படிச் சேராது.

அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், பகலில் ஐந்து வேளை, ஏழு நாள். இதுதான் வழக்கமான மருந்து. சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன், ஏனென்றால் இது வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். புண்பட்ட நரம்பைத் திருப்பித் தராது. அந்த அம்மாவுக்குப் புதிய கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் தாமதமானாலும் கொடுத்தேன். காவி எழுதுவதோடு எனக்குச் சண்டையில்லை, அதில் போகும் நாட்களோடுதான். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும், பார்வைக்கே ஆபத்து.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. வலி ஆறவில்லை. மூன்று மாதம் கழித்தும் ரவிக்கை உரசினால் தீப்பட்டது போல் துடித்தார், மின்விசிறிக் காற்றுகூடப் பொறுக்கவில்லை. அக்கிக்குப் பின் தங்கும் நரம்பு வலி இது. வேளைக்கு மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சில நேரம் வரும். வயது ஏற ஏற அதிகம். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. காபாபென்டினை இரவில் சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினேன். தலைசுற்றி விழுந்துவிடக் கூடாதே என்பதால் அவசரப்படவில்லை. எட்டாம் மாதம், பஞ்சுத் துணி ரவிக்கையோடு வந்தார்.

கூட வந்த மகனுக்கு 51 வயது. அவருக்கும் சிறு வயதில் சின்னம்மை போட்டிருக்கிறது. ஐம்பது கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை, விலை சற்று அதிகம் என்றேன். அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அன்றே முதல் ஊசி போட்டுக்கொண்டார்.