உள்பக்க டயருக்குள் விளக்கு அடித்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே.

நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரி, சிப்காட்டுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி எதுவானாலும் பின்பக்கம் இரட்டைச் சக்கரம்தான். அதில் உள்பக்க டயரை யாரும் எளிதில் பார்ப்பதில்லை. தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் பட்டை ஏற்றி ரீட்ரெட் செய்யக் கொண்டுவரும்போது கழித்துக்கட்ட வேண்டியதாகிப்போவதும் பெரும்பாலும் அந்த டயர்தான். காரணம், காற்று குறைந்தபடியே ஓடியிருக்கும். பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் டிரைவருக்கு அது தெரியாது.

ஒரு 10.00R20 ரேடியல் டயரை எடுத்துக்கொள்வோம். சாலையைத் தொடும் ஓடுதளத்தில் பட்டன் 3 மில்லிமீட்டர் உயரம் மிச்சம் இருக்கிறது. ரீட்ரெட் செய்ய இதுதான் சரியான நேரம். கம்பி தெரியும்வரை ஓட்டினால், புது ரப்பரைத் தாங்க வேண்டிய கேசிங், அதாவது டயரின் உடம்பே போய்விடும். டயரை விரிப்பானில் மாட்டி வாயைத் திறந்து, உள்ளே சாய்வாக விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் மேடு பள்ளம் தெரியாது. உட்சுவர் சுருங்கி அலை அலையாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, தேய்ந்த ரப்பர் தூளாக உதிர்ந்து கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காற்றில்லாமல் ஓடிய டயர் என்று பொருள். 120 பவுண்டு காற்று பிடிக்க வேண்டிய டயர் 96க்குக் கீழே சுமையோடு ஓடியிருந்தால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பக்கச்சுவருக்குள் எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவை அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கின்றன. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோலத்தான் இது. சில கம்பிகள் ஒடிந்ததும் பாரம் அடுத்தவற்றின்மேல் விழும். பிறகு காற்று அடிக்கும்போது பக்கச்சுவர் ஜிப் பிரிந்தமாதிரி கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. இந்தப் பழுதை எந்த ஒட்டும் சரிசெய்யாது.

நம் டயரின் உட்சுவர் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓடுதளத்தின் நடுவில் 6 மில்லிமீட்டர் ஆணித்துளை ஒன்று தெரிகிறது. ஓடுதளத்தில் 10 மில்லிமீட்டர் வரை உள்ள துளையை அடைக்கலாம். பக்கச்சுவரில் அப்படி அடைக்கக் கூடாது. துளை சின்னது என்று விட்டுவிடவும் முடியாது. அதன் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பிப்பட்டையைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது பஃபிங் முடிந்தபிறகே தெரியவரும்.

பஃபிங்கில் டயரைக் காற்றடைத்துச் சுழலவிட்டு, பழைய ரப்பரைச் சுரண்டுகிறோம். கம்பிப்பட்டைமேல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் மிஞ்ச வேண்டும். சுரண்டிய பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். புகைந்து, கருகல் வாசனையோடு பளபளவென்று பிசுபிசுத்தால் ரப்பர் வெந்துவிட்டது; அதன்மேல் எதுவும் ஒட்டாது.

இப்போது துளையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு தெரிகிறது. நல்ல கம்பியும், அதை இறுகப் பிடித்த ரப்பரும் தென்படும்வரை வெட்டி எடுக்கிறோம். வெட்டிய இடத்தில் உடனே ரப்பர் சிமெண்ட் என்ற பசையைப் பூச வேண்டும். கடலூர், புதுச்சேரிக் கடல்காற்றில் திறந்த கம்பி காத்திருக்காது. சிமெண்ட் நன்றாகக் காய்ந்தபின் பள்ளத்தை ரப்பரால் நிரப்பி, துளையை அடைத்து, உள்ளே பேட்ச் வைக்கிறோம். ஈரமாக இருக்கும்போதே மூடினால், பின்னால் சூட்டில் சிமெண்டில் உள்ள கரைப்பான் ஆவியாகிக் கொப்புளம் விடும்.

அடுத்து, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமனுள்ள குஷன் கம் என்ற வேகாத ரப்பர் தாளைச் சுற்றி, பட்டன் போட்ட புதுப்பட்டையை அதன்மேல் ஏற்றுகிறோம். நீளத்தை அளந்து வெட்டுவதில் கவனம் வேண்டும். குட்டையாகிப்போன பட்டையை இழுத்து ஒட்டினால், சாலையில் ஓடும்போது முதலில் வாய் திறப்பது அந்த இணைப்புதான். பிறகு ரப்பர் உறை மாட்டி, சேம்பருக்குள் 100 முதல் 115 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தோடு, மூன்று மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கிறோம். பட்டை ஏற்கெனவே வெந்தது. இங்கே வேக வேண்டியது குஷன் கம். உறை ஓட்டையானால் அழுத்தம் பட்டைக்கு அடியில் புகுந்துவிடும், பட்டை சரியாக ஒட்டாது.

வெளியே எடுத்த டயரை ஆறவைத்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடித்துச் சோதிக்க வேண்டும். பக்கச்சுவர் ஓரிடத்தில் புடைத்தாலோ, 'டப் டப்' என்று கம்பி ஒடியும் சத்தம் கேட்டாலோ, கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே காற்றை இறக்கிவிட வேண்டும். அந்தக் கேசிங்கை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி பக்கச்சுவரை அறுத்துப் போட்டுவிட வேண்டும்.

தேறிய டயரை வாங்கும்போது, பட்டையின் இரண்டு ஓரத்தையும் இணைப்பையும் விரலால் நெம்பிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் திருப்பிக் கொடுங்கள். வண்டியில் மாட்டும்போது, உள்பக்க டயரின் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டுவிடுங்கள். வெளியில் நின்றபடியே கேஜ் வைத்துக் காற்றுப் பார்க்கலாம்.