இரவு 10:45-க்கு வந்த உத்தரவு

நண்பர்களே, நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் 26 பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒருநாள் இரவு 10:45-க்கு மேலாளர் அதில் ஒரு வரி போட்டார்: "நாளைக் காலைக் கூட்டத்துக்குள் வாடிக்கையாளர் பட்டியலைத் திருத்தி வைக்கவும்." யார் திருத்த வேண்டும் என்று அதில் இல்லை. மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே தூங்கிவிட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து ஒருவர் மத விஷயமாக ஒரு ஃபார்வர்டு போட்டார். அதன் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. முதலில் அனுப்பியவரிடமிருந்து ஐந்து கை, அதற்கும் மேல் மாறி வந்த செய்தி என்று அதற்குப் பொருள். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சண்டை வந்துவிட்டது. மதத்தில் ஆரம்பித்து கட்சிக்குப் போய், ஒரு மணிக்குள் 90 செய்திகள். உத்தரவு அடியில் புதைந்துபோனது.

காலையில் பட்டியல் இல்லை. மேலாளர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து, யார் யார் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் திறந்தார். ஒரு தோழியின் பெயர் இருந்தது. "பார்த்தும் ஏன் செய்யவில்லை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, போன் விடாமல் ஒலிக்கிறதே என்று அவர் குழுவைத் திறந்திருந்தார், அவ்வளவுதான். நீல டிக் வந்தால் செய்தி திரையில் வந்தது என்று அர்த்தம். படித்துப் புரிந்துகொண்டு வேலையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை. அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றே அவர் நீல டிக்கை அணைத்துப் பார்த்தார். அது தனி உரையாடலுக்குத்தான் செல்லும். குழுவில் பார்த்த விவரம் போய்க்கொண்டுதான் இருக்கும். அப்புறம் குழுவையே மியூட் செய்தார். அடுத்த வாரம் ஷிப்ட் மாறிய அறிவிப்பு அவருக்குத் தெரியாமலே போனது.

இதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். வேலைக் குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றினோம். அரட்டைக்குத் தனிக் குழு. விருப்பம் உள்ளவர் சேரலாம். உத்தரவு என்றால் ஒருவர் பெயரும் நேரமும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் "சரி, செய்கிறேன்" என்று தனியாகப் பதில் அனுப்பினால்தான் ஏற்றதாகக் கணக்கு.

ஒன்றை மட்டும் அந்த அமைப்பால் தடுக்க முடியவில்லை. மேலாளரே அட்மின். அவர் நள்ளிரவில் எழுதினால் என்ன செய்வது? அவரிடமே கேட்டோம். இரவில் தோன்றுவதைத் தன் குறிப்பில் எழுதிவைத்து காலை 9 மணிக்குப் போடுவதாகவும், காத்திருக்க முடியாத வேலை என்றால் உரியவரைப் போனில் அழைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவர் குரலைக் கேட்டு வேலை சொல்ல வேண்டும் என்றால் யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள் அல்லவா? அடுத்த ஆறு மாதத்தில் இரவில் வந்த அழைப்பு இரண்டே இரண்டு. இரண்டுமே சர்வர் நின்றுபோன ராத்திரிகள்.