கொட்டகையில் கிடந்த பாட்டில்

வணக்கம் நேயர்களே. கடலூர்ப் பக்கம் பல வருஷம் உரக்கடை நடத்தியவன் நான். இப்போது கடை இல்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் பாட்டில் படங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. போன மாதம் பண்ருட்டியிலிருந்து அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இது களைக்கொல்லிதானே? முந்திரித் தோப்புல அடிக்கலாமா?"

தகரக் கொட்டகையில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் அது. லேபிளில் பாதி உரிந்து, கம்பெனிப் பெயரும் போய்விட்டது. சாய்சதுரக் கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் கீழ்ப்பாதி மஞ்சளாகத் தெரிந்தது. ஆனால் அந்த பல்பின் கீழே வெளுத்த பச்சைகூட மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு மேல்பாதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நம் நாட்டு லேபிளில் மேல்பாதியில் ஓர் எச்சரிக்கைச் சொல் இருக்கும். சிவப்புக் கட்டத்தில் மண்டையோடும் எலும்பும் போட்டு, 'பாய்சன்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். மஞ்சளிலும் அதே 'பாய்சன்' உண்டு, மண்டையோடு கிடையாது. நீலத்தில் 'டேஞ்சர்', பச்சையில் 'காஷன்'. படத்தில் சிவப்பெழுத்துப் 'பாய்சன்' தெரிந்தது, மண்டையோடு இல்லை. ஆக மஞ்சள்தான். அதாவது சிவப்புக்கு அடுத்த படி, கடுமையான நஞ்சு.

இதோடு நிறுத்தக் கூடாது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, உடம்பு எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராமில் பாதி எலிகள் சாகின்றன என்ற கணக்கை வைத்துத்தான் இந்த நிறம் போடுகிறார்கள். வாய்வழி 51 முதல் 500 வரை என்றால் மஞ்சள். முறிவுமருந்து உண்டா என்பதை நிறம் சொல்லாது. அதற்கு மருந்தின் வேதிப்பெயர் வேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் வேதிப்பெயர்.

படத்தின் ஓரத்தில் '24% எஸ்.எல்.' என்று தெரிந்தது. எஸ்.எல். என்றால் தண்ணீரில் கரையும் திரவம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சதவீதத்தை வைத்து மருந்தைத் தீர்மானிக்கக் கூடாது. "ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டு வா. மூடியைத் திறக்காதே, மோந்தும் பார்க்காதே. பாட்டிலைச் சுற்றி நாலு படம், பின்பக்கச் சின்ன எழுத்தை மட்டும் கிட்டே வைத்து ஒரு படம்" என்றேன்.

வந்த படத்தில் 'பாராகுவாட் டைகுளோரைடு' என்று இருந்தது. காலாவதித் தேதி தாண்டி இரண்டு வருஷம். முறிவுமருந்து என்ற இடத்தில், குறிப்பிட்ட மருந்து எதுவும் இல்லை என்று போட்டிருந்தது.

இதுவும் களைக்கொல்லிதான், ஆனால் அவன் கிளைபோசேட் என்ற வேறு களைக்கொல்லி என்று நினைத்திருக்கிறான். கிளைபோசேட் இலை வழியாக வேர்வரை போய், களையை நாள் கணக்கில் மெல்லச் சாகடிக்கும். பாராகுவாட் பட்ட பச்சையைச் சில மணி நேரத்தில் கருக்கிவிடும், இளம் முந்திரித் தண்டானாலும் சரி. தோல் புண் வழியாகவும் உடம்பில் ஏறும். சாரல் மூக்கில் பட்டால் ரத்தம் வரலாம். தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷமாவது ஓடும் தண்ணீரில்.

யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர், முட்டை என்று வீட்டில் நேரம் கடத்தாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே. லேபிள் படமும் கூடவே போகட்டும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்தென்றால் அட்ரோபின் கொடுப்பார்கள். பாராகுவாட்டுக்கு அது வேலை செய்யாது. இன்னொன்றும் உண்டு. மூச்சு வாங்கினால் ஆக்ஸிஜன் வைப்பது வழக்கம்தானே? பாராகுவாட்டில் தேவையில்லாமல் ஆக்ஸிஜன் வைத்தால் நுரையீரல் கூடுதலாகக் கெடும். அதனால் டாக்டர் அளந்துதான் வைப்பார். பெயர் தெரிந்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும்.

மருமகனிடம் அடிக்க வேண்டாம் என்றேன். வாய்க்காலிலும் ஊற்றாதே, ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வேளாண் விரிவாக்க மையத்தில் கேள் என்றேன். சரி என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொரு படம் அனுப்பினான். பக்கத்தில் ஒரு சோடா பாட்டில், பாதி திரவம், லேபிளே கிடையாது. முன்பு யாரோ ஊற்றி வைத்ததாம். அந்தப் படத்தில் படிக்க எனக்கு எதுவும் இல்லை. அதையும் திறக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, 'விஷம்' என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அதே பெட்டியில் பூட்டச் சொன்னேன்.