நாடகத்தைப் படமாக்க வேண்டுமா? வைகைக் கரைக்கு ஓடாதீர்கள்!

(திரையில்: ஒரே கூடம், ஒரு கயிற்றுக் கட்டில்)

ஒரே கூடத்தில் நடக்கும் நாடகம். அதைத் திரைக்கதையாக்கும் பலர் முதலில் செய்வது என்ன தெரியுமா? அப்பாவும் மகனும் கூடத்தில் பேசிய நான்கு பக்க வசனத்தை அப்படியே வைகைக் கரையில் நின்று பேச வைப்பார்கள். பின்னால் ஏ.வி. பாலம் அழகாகத் தெரியும். ஆனால் அது இன்னமும் நாடகம்தான்!

வணக்கம் மக்களே. இடத்தைத் தேடாதீர்கள். பிரதியில் யாராவது உள்ளே வந்து, வெளியே நடந்ததைச் சொல்லும் வசனத்தைத் தேடுங்கள். மேடையால் காட்ட முடியாததால்தான் அங்கே சொல்கிறார்கள். உங்கள் லொக்கேஷன் அந்த வசனத்துக்குள் இருக்கிறது.

ஒரு கதையை வைத்துக்கொள்வோம். செல்லூரில் ஒரு நெசவாளர் வீடு. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகன் கடனுக்காகத் தறியை விற்றுவிட்டான். நாடகத்தில் அப்பா திரும்பி வந்ததும், எப்படி விற்றேன், ஏன் விற்றேன் என்று நான்கு பக்கம் பேசுகிறான். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைக்கதையில் தோராயக் கணக்கு. நான்கு நிமிடம் ஒருவரே பேசுகிறார்!

பேனாவை எடுங்கள். 'எப்படி விற்றேன்' என்பது வெறும் தகவல், அடித்துவிடலாம். அதற்குப் பதில் விடிகாலையில் தறிக் கட்டைகள் குட்டியானையில் ஏறுகின்றன. வண்டி சந்தில் திரும்ப முடியாமல் நிற்கிறது, எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். வசனமே இல்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தக் காட்சியைக் காட்டிவிட்டால், அப்பாவுக்கு முன்பே நமக்கு விஷயம் தெரிந்துவிடும். மேடையில் அதிர்ச்சியாக இருந்தது, படத்தில் பதைப்பாக மாறுகிறது. அப்பா ஆட்டோவில் வருகிறார். தெருவெல்லாம் தறிச் சத்தம். தன் வீட்டு வாசலில் மட்டும் இல்லை.

"தறி ஏன்டா நிக்குது?"

"போயிருச்சுப்பா."

முதல் இரண்டு பக்கம் முடிந்தது!

ஆனால் 'ஏன் விற்றேன்' என்பதை வெட்டாதீர்கள். "கடன் எவ்வளவுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாப்பா?" என்று அவன் கேட்பது தகவல் இல்லை, அடி. அதை வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். அந்தக் கூடத்துக் கதவு சாத்தியே இருக்கட்டும். சொன்னதையே திரும்பச் சொல்லும் வரிகளை எடுத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள், கேமரா அப்பா முகத்தில் நிற்கட்டும். மேடையில் கடைசி வரிசைக்காரருக்கு அந்த முகம் தெரியாது, அதனால் மகன் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

நீளமான வசனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1952இல் வந்த 'பராசக்தி' நாடகத்திலிருந்து வந்த படம்தான். அதன் நீதிமன்றக் காட்சியில் பேச்சுதான் செயல். அதை வெட்டினால் காட்சியே கிடையாது.

அப்புறம், வெட்டி முடித்ததும் மீதிப் பிரதியை ஒருமுறை படியுங்கள். பின்னால் எங்காவது "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வரி இருக்கும். அன்றைக்குச் சொன்னதைத்தான் நீங்கள் வெட்டியிருப்பீர்கள். அந்த வரியையும் மாற்றுங்கள். நீங்கள் பார்த்த நாடகத்தில் வெளியே நடந்ததைச் சொல்லும் வசனம் எது? கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.