நண்பர்களுக்குத்தான் எழுதினான்

நடுவர் தந்த தலைப்பு: "பல ஆண்டு கழித்துப் பிறந்த தங்கையை வரவேற்று அண்ணன் எழுதும் படக்குறிப்பு யாருக்காக? தங்கைக்காகவா, நண்பர்களுக்காகவா?"

நடுவர் அவர்களே, பெரம்பூர்ப் பெருமக்களே, வணக்கம். நண்பர்களுக்காகத்தான்!

"தங்கை வளர்ந்து படிப்பாள்" என்றார் எதிரணி அம்மையார். பாதி சரி; படிப்பாள். ஆனால் எழுதும்போது பையனின் கண்முன் நிற்பது பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு. அடுத்து வந்த ஐயா, தம்பி பிறந்தபோது தாம் மாமாவுக்குப் போட்ட இன்லேண்டு கடிதத்தை உருகி உருகி வாசித்தார். கடிதம் அருமை, ஐயா. ஆனால் அதை மாமா ஒருவர்தானே பிரித்தார்?

என் அக்கா மகனைச் சொல்கிறேன். அவனுக்கு வயது 16, அக்காவுக்கு 41. வயிறு தெரியத் தொடங்கியதும், பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா மட்டும் வந்தால் போதும் என்றான். "உங்கள் வீட்டில் விசேஷமாமே?" என்று வகுப்பில் ஒருவன் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்புதான் காரணம்.

குழந்தை பிறந்த அன்று, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து "கடவுள் தந்த பரிசு, என் குட்டி இளவரசி" என்று எழுதினான். அழித்தான். ஊரில் எந்த அண்ணனும் அதைப் போடலாமே! பிறகு, "இந்த வயதில் எங்கள் வீட்டில் ஓர் அதிர்ச்சி" என்றான். அதையும் அழித்தான். படிக்கிறவன் சிரித்தால் அம்மாவைப் பார்த்துத்தான் சிரிப்பான் என்பது அவனுக்கு உறைத்துவிட்டது. கடைசியில் நின்றது இது:

"16 வருடம் தனியாக ஆண்ட வீட்டை இன்று காலை ஒப்படைத்துவிட்டேன். எடை 2.8 கிலோ. குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும்."

இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்து வரை இடம் தருகிறது. ஆனால் முதல் ஓரிரு வரிக்குமேல் மடித்துவிடும். கேலி செய்கிறவன் மடிப்பைப் பிரித்துப் படிப்பானா? அதனால்தான் முதல் வரியிலேயே பதவி இழந்த ராஜாவாகத் தன்னை நிறுத்திக்கொண்டான். கேலிக்கு அவனே ஆள் கொடுத்துவிட்டான், அம்மா தப்பித்தார். தங்கைக்காக என்றால் இந்த வேலைக்கு அவசியமே இல்லை, நடுவர் அவர்களே!

படத்தில் அவன் விரலைக் குழந்தை இறுகப் பிடித்திருக்கிறது. "முகத்தைப் போடாதே, கண் படும்" என்றார் பாட்டி. காரணத்தை விடுங்கள், விளைவு நல்லது. அதையும் தாண்டி ஓர் ஓட்டையைப் பிடித்தவர் அங்கிருந்த செவிலியர். குழந்தையின் மணிக்கட்டுப் பட்டையில் தாயின் பெயர், வார்டு எண் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. "படத்திலிருந்து அதை வெட்டிவிட்டுப் போடு, தம்பி" என்றார். வெட்டினான்.

சிரித்தவனே முதலில் பதில் எழுதினான்: "ராஜா, விருந்து எப்போது?"

"அம்மாவைக் கேட்டானா?" என்று எதிரணி மடக்கலாம். கேட்கவில்லை. அது சரியா என்று அக்காவும் மாமாவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்குக்கு வேறு நடுவரைப் பாருங்கள். எனக்கு மணி அடித்துவிட்டார்கள்.