அறை ஒதுக்கீடு: விடுதிக் காப்பாளர் உரை

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, தன் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர்களே, சமையல் கூடத்து அண்ணன்மார்களே, என் அன்புத் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கைக்கு வந்த கடிதத்தில் வரிசை, அறை மாற்றம், பொருள் பொறுப்பு என்று மூன்று சொல்லியிருக்கிறேன். முதலில் வரிசை. முதலாண்டுத் தம்பிகளுக்குத் தனிக் கட்டடம். ராகிங் தடுப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிமுறைகளும் அதைத்தான் சொல்கின்றன. மற்றவர்களுக்கு ஆண்டுவாரியாகத் தளம். நடக்கச் சிரமப்படும் தம்பி எந்த ஆண்டானாலும் தரைத்தளம்தான். தளத்துக்குள் துறைவாரியாக, ரோல் நம்பர்படி. வீட்டிலிருந்து வருகிறவர்களின் எண்களை நீக்கிவிட்டுத்தான் வரிசை போடுவோம்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். நான் படித்த விடுதியில் பூனைக்குக் காலம் வரவே இல்லை ஐயா! ரோல் நம்பர் ஆங்கில எழுத்து வரிசையில்தானே போடுகிறோம்? அருணுக்கு மாடிப்படி ஓரத்து அறை, நல்ல காற்று. யுவராஜுக்குக் கழிப்பறையை ஒட்டிய கடைசி அறை. அடுத்த வருடமும் அதே வரிசை, அதே யுவராஜ், அதே கடைசி அறை. சுவரில் ஈரம் ஊறி, புத்தகப் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருப்பான். இரவெல்லாம் குழாய்ச் சத்தம். தேர்வு நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் போய்ப் படிப்பான். ஏன்டா என்று கேட்டால், "அப்பா வைச்ச பேருடா" என்பான். மூன்று வருடமும் அந்த அறைதான்!

அதனால்தான் இந்த முறை. இயற்பியலில் விடுதி மாணவர் 12 பேர், அறைக்கு 3 பேர், 4 அறை என்று வையுங்கள். முதலாண்டில் வரிசையின் முதல் மூவருக்கு முதல் அறை. இரண்டாமாண்டில் வரிசை கடைசியிலிருந்து தொடங்கும். மூன்றாமாண்டில் நடுவிலிருந்து, அதாவது ஏழாமவரிலிருந்து தொடங்கி, 12 முடிந்ததும் ஒன்றுக்குத் திரும்பும். நாலு முதல் ஆறு வரை இருப்பவர்களுக்கு மட்டும் முதல் அறை வாய்க்காது. அறை காலியானால் முதலில் அவர்களைத்தான் கேட்போம்.

ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்! முதல்வர் ஐயா இதை விடுதி விதியாகவே எழுதிக் கையெழுத்திட வேண்டும். காப்பாளர் மாறினாலும் வரிசை சுழல வேண்டும். மற்றக் கல்லூரி விடுதிகளுக்கும் இது போக வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். துறைத் தலைவர்களும் உடன் எழுதித் தர வேண்டுகிறேன்.

அறை மாற்றம் பற்றிப் பேச நேரமில்லை. இருவரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் போதும். பட்டியல் வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் இருக்கும். சாவி வாங்குமுன் மின்விசிறி, சுவிட்ச், கட்டில் மூன்றையும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.